சொன்னது 35,000... கையில் வந்தது 27,200! - சம்பளச் சீட்டில் அந்த 7,800 எங்கே போகிறது?

முதல் சம்பளம் வந்த அன்றைக்கு நம்ம ஊர் வீடுகளில் தவறாமல் கேட்கும் உரையாடல் இது.

"என்னம்மா, முப்பத்தஞ்சாயிரம்னு சொன்ன... இருபத்தேழுதானே வந்திருக்கு?"

"பிடிச்சுட்டாங்கப்பா."

"எதுக்குப் பிடிச்சாங்க?"

"பி.எஃப், டாக்ஸ்னு என்னமோ..."

அதோடு பேச்சு முடிந்துவிடும். கேட்ட அப்பாவுக்கும் திருப்தி இல்லை, சொன்ன மகளுக்கும் தெளிவு இல்லை. இந்த மகளின் சம்பளத்தில் அந்த மாதம் ஒரு ரூபாய்கூட வரி பிடிக்கப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. அப்படியானால் 7,800 ரூபாய் எங்கே போனது? அவருடைய சம்பளச் சீட்டை வரி வரியாகப் பிரித்துப் பார்த்துவிடலாம், வாங்க.

வீடு ஸ்ரீரங்கத்தில். வேலை நவல்பட்டு எல்காட் ஐ.டி பார்க்கில், ஒரு தனியார் நிறுவனத்தில். ஆஃபர் லெட்டரில் சி.டி.சி ஆண்டுக்கு 4,20,000 ரூபாய். ஆளும் நிறுவனமும் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை. சதவிகிதங்களும் விதிகளும் நிஜம். உங்கள் சீட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

சி.டி.சி சம்பளமே இல்லை

4,20,000-ஐ 12-ஆல் வகுத்தால் 35,000. எல்லோரும் செய்யும் கணக்கு இதுதான். ஆனால் சி.டி.சி என்பது உங்களை வேலைக்கு வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. உங்களுக்குத் தரும் சம்பளம் அதில் ஒரு பகுதிதான்.

இந்த 35,000-ல் மாதம் 6,000 ரூபாய் சம்பளச் சீட்டுக்குள் வரவே வராது. அதில் என்னென்ன இருக்கிறது? நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப் 1,950 ரூபாய். கிராஜுவிட்டி என்று எழுதிவைத்திருக்கும் 721 ரூபாய். குரூப் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பிரீமியம் 829 ரூபாய். ஆண்டுக்கு ஒருமுறை தருவதாகச் சொல்லும் வேரியபிள் பே 30,000-ன் மாதக் கணக்கு 2,500 ரூபாய். கூட்டிப் பாருங்கள், 6,000 வரும்.

இந்த நான்கும் ஒரே ரகம் இல்லை. பி.எஃப் பங்கு உங்கள் பெயரில் மாதாமாதம் சேர்ந்துகொண்டே இருக்கும். வேரியபிள் பே, உங்கள் வேலையையும் கம்பெனியின் லாபத்தையும் பொறுத்து முழுதாகவும் வரலாம், பாதியாகவும் வரலாம். இன்ஷூரன்ஸ், ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பயன்படும். கிராஜுவிட்டிதான் இருப்பதிலேயே கண்ணாமூச்சி காட்டும் தொகை. நிரந்தரப் பணியில் இருப்பவர் ஐந்து ஆண்டுகள் முடித்தால்தான் அது கிடைக்கும். இரண்டு வருடத்தில் வேறு வேலைக்குத் தாவிவிட்டால் அந்த 721-கள் அத்தனையும் காகிதத்தோடு சரி. (குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்தவர்களுக்குப் புதிய தொழிலாளர் சட்டத்தில் ஓராண்டு போதும்.) அதனால் இரண்டு ஆஃபர்களை ஒப்பிடும்போது சி.டி.சி-யை வைத்து ஒப்பிடாதீர்கள். 'மாத கிராஸ் எவ்வளவு?' என்று ஹெச்.ஆரிடம் கேட்டு, அதை வைத்து ஒப்பிடுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம், அவர்களுக்கு இது தினசரிக் கேள்வி.

35,000-ல் இருந்து 6,000 போனால் மீதி 29,000. இதுதான் கிராஸ்.

இடது பக்கம்: வருமானம்

சம்பளச் சீட்டில் இடது பக்கம் வருமானம், வலது பக்கம் பிடித்தம். பெரும்பாலான நிறுவனங்களில் இந்த அமைப்புதான். நம் உதாரணத்தில் இடது பக்கத்தில் மூன்று வரிகள் இருக்கின்றன. அடிப்படைச் சம்பளம், அதாவது பேசிக், 15,000. வீட்டு வாடகைப் படி 6,000. ஸ்பெஷல் அலவன்ஸ் 8,000.

எப்படிப் பிரித்தாலும் கூட்டினால் 29,000 தானே, எதற்கு இந்தப் பிரிவினை என்று தோன்றும். பேசிக் என்ற அந்த ஒரு வரியை வைத்துத்தான் உங்கள் பி.எஃப், கிராஜுவிட்டி எல்லாம் கணக்கிடப்படுகிறது. பேசிக் குறைந்தால் கையில் வரும் பணம் கொஞ்சம் கூடும். நிறுவனம் கட்ட வேண்டிய பங்கும் குறையும். அதனால்தான் சில இடங்களில் பேசிக்கை 9,000 என்று ஒல்லியாக்கிவிட்டு, ஸ்பெஷல் அலவன்ஸை ஊதிப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள்.

இந்த வித்தைக்கு உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் ஒரு கட்டுப் போட்டது. எல்லா ஊழியருக்கும் பொதுவாகத் தரப்படும் அலவன்ஸை, பெயரை மாற்றி வைத்ததாலேயே பி.எஃப் கணக்கில் இருந்து விலக்கிவிட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அடுத்து, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டங்கள் இன்னொரு கோடு கிழித்திருக்கின்றன. படிகள் எல்லாம் சேர்ந்து மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியமாகவே கணக்கில் வரும். உங்கள் பேசிக், கிராஸில் பாதிக்கும் ரொம்பக் கீழே இருந்தால், 'நம்ம ஸ்ட்ரக்சர் மாறுமா?' என்று கேட்டுவைப்பதில் தப்பில்லை.

இடது பக்கத்தில், அல்லது சீட்டின் தலைப்பகுதியில், இன்னொரு சின்ன எண் இருக்கும். பலரும் பார்க்காமலே தாண்டிவிடுவார்கள். எல்.ஓ.பி. சம்பளமில்லா விடுப்பு நாள்கள்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இது மார்கழி மாதத்துப் பிரச்னை. வைகுண்ட ஏகாதசிக்கு, சொர்க்கவாசல் திறக்கும் நாளில், திருச்சி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை அறிவிப்பார்கள். அது அரசு அலுவலகங்களுக்கும் பள்ளி, கல்லூரிகளுக்கும்தான். செலாவணி முறிச் சட்டத்தின்படி அறிவிக்கப்படும் பொது விடுமுறை இல்லை என்பதால் தனியார் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. 'கலெக்டரே லீவு விட்டிருக்காரே' என்று வீட்டில் இருந்துவிட்டால், கைவசம் லீவு இல்லாதவருக்கு அது எல்.ஓ.பி.

எவ்வளவு குறையும்? அந்த ஏகாதசி 31 நாள் கொண்ட டிசம்பரில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 29,000-ஐ 31-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு சுமார் 935 ரூபாய். ஆனால் கைக்கு வருவதில் குறைவது 877 ரூபாய்தான். ஏனென்றால் பேசிக்கும் ஒரு நாள் அளவுக்குக் குறைந்து 14,516 ஆகிறது. அதற்கேற்ப பி.எஃப் பிடித்தமும் 1,800-ல் இருந்து 1,742 ஆகிவிடுகிறது. ஆக, பி.எஃப் வரி ஒரு மாதம் மட்டும் விநோதமாக மாறியிருந்தால் முதலில் எல்.ஓ.பி எண்ணைப் பாருங்கள். வகுப்பதற்கு 30-ஐயோ 26-ஐயோ எடுத்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. அந்த விதி உங்கள் ஹெச்.ஆர் பாலிசியில் இருக்கும். மாதம் ஒரு விதி என்று மாறக் கூடாது, அவ்வளவுதான்.

வலது பக்கம்: இரண்டு பி.எஃப்-களின் கதை

நம் உதாரணப் பெண்ணின் வலது பக்கத்தில் பெரும்பாலான மாதங்களில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். பி.எஃப் 1,800. 29,000-ல் இருந்து அதைக் கழித்தால் 27,200. வீட்டில் கேட்ட கேள்விக்கு விடை வந்துவிட்டது. 7,800-ல் 6,000 சீட்டுக்கு வெளியே நிற்கிறது, 1,800 சீட்டுக்கு உள்ளே பிடிக்கப்படுகிறது.

இந்த 1,800 எப்படி வந்தது? பேசிக்கும், பஞ்சப்படி இருந்தால் அதுவும் சேர்ந்த தொகையில் 12 சதவிகிதம். 15,000-க்கு 12 சதவிகிதம் 1,800. சட்டப்படி பி.எஃப் கணக்கிடுவதற்கான ஊதிய வரம்பு 2014 செப்டம்பரில் இருந்து 15,000 ரூபாய். அதனால் பேசிக் 25,000 இருந்தாலும் சில நிறுவனங்கள் 1,800 மட்டுமே பிடிக்கும். சில நிறுவனங்கள் முழு பேசிக்குக்கும் 12 சதவிகிதம் பிடித்து, தங்கள் பங்கையும் அதே அளவு கட்டும். இரண்டும் சரியே. 15,000 வரம்பில் பிடிக்கும் இடங்களில், மேலே சொன்ன புதிய பாதிக் கணக்கால் பிடித்தம் கூடிவிடாது.

உங்களிடம் பிடித்த 1,800-க்கு இணையாக நிறுவனமும் 1,800 கட்ட வேண்டும். பிறகு ஏன் சி.டி.சி-யில் 1,950 என்று போட்டிருந்தார்கள்? பி.எஃப் உறுப்பினருக்கான ஆயுள் காப்பீட்டுக்கு அரை சதவிகிதமும், நிர்வாகக் கட்டணமாக அரை சதவிகிதமும் நிறுவனம் கூடுதலாகக் கட்டுகிறது. 15,000-க்கு அது 150 ரூபாய். அந்த 150 உங்கள் பாஸ்புக்கில் வராது. தேடி ஏமாற வேண்டாம்.

பாஸ்புக்கைத் திறந்தால் அடுத்த குழப்பம் காத்திருக்கும். ஊழியர் பங்கு 1,800 என்று சரியாக இருக்கும். நிறுவனத்தின் பங்கு என்ற இடத்தில் 550 மட்டுமே இருக்கும். 'ஐயய்யோ, கம்பெனி ஏமாத்திட்டாங்க' என்று பதறுபவர்கள் நிறைய. பதற வேண்டாம், பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கும், பென்ஷன் பங்களிப்பு என்று. அதில் 1,250 இருக்கும். 550-ஐயும் 1,250-ஐயும் கூட்டுங்கள், 1,800. நிறுவனம் கட்டும் 12 சதவிகிதத்தில் 8.33 சதவிகிதம் பென்ஷன் திட்டத்துக்குப் பிரிந்து போகிறது. மீதி 3.67 சதவிகிதம்தான் உங்கள் பி.எஃப் சேமிப்பில் சேர்கிறது.

இந்தப் பிரிவு முக்கியம். 1,800-ம் 550-ம் சேர்ந்த 2,350 ரூபாய்க்கு வட்டி உண்டு. 2024-25-க்கு அறிவிக்கப்பட்ட வட்டி 8.25 சதவிகிதம். பென்ஷன் கட்டத்தில் இருக்கும் 1,250-க்கு அப்படி வட்டி ஏறாது. பத்து ஆண்டுகள் சேவை முடித்தால் 58 வயதில் மாதப் பென்ஷனாக வரும். பத்து ஆண்டுக்கு முன் வேலையை விட்டால், போட்ட தொகை அப்படியே திரும்ப வராது. சேவைக் காலத்தையும் ஊதியத்தையும் வைத்து ஓர் அட்டவணைப்படி கணக்கிட்டுத் தருவார்கள். வேலை மாறும்போதெல்லாம் அவசரப்பட்டு எடுத்துவிடாமல், பழைய யு.ஏ.என் எண்ணையே புதிய நிறுவனத்தில் கொடுத்தால் அந்தச் சேவைக் காலம் தொடரும்.

ஒரு விதிவிலக்கு. 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முறையாக பி.எஃப்-ல் சேர்ந்து, அப்போதே பேசிக் 15,000-க்கு மேல் இருந்தவர்கள் பென்ஷன் திட்டத்தில் வர மாட்டார்கள். அவர்களுக்கு நிறுவனத்தின் பங்கு முழுவதும் சேமிப்பிலேயே சேரும். ஒரே அலுவலகத்தில் பக்கத்து சீட் நண்பருக்குப் பென்ஷன் கட்டம் காலியாக இருப்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

இரண்டு பங்கும் உங்க பாக்கெட்டிலிருந்தா?

வலது பக்கத்தில் ஊழியர் பி.எஃப் 1,800, நிறுவன பி.எஃப் 1,800 என்று இரண்டு வரிகள் இருக்கிறதா? உடனே இடது பக்கத்தைப் பாருங்கள். அங்கேயும் நிறுவன பி.எஃப் 1,800 என்று வருமானமாக ஒரு வரி இருந்தால் பிரச்னை இல்லை. சி.டி.சி-யை அப்படியே சீட்டில் காட்டும் பழக்கம் அது. இடதில் கூட்டி வலதில் கழித்துவிடுகிறார்கள். இடது பக்கத்தில் இல்லாமல் வலது பக்கத்தில் மட்டும் இருந்தால், பேசிய கிராஸிலிருந்தே நிறுவனத்தின் பங்கையும் எடுக்கிறார்கள் என்று அர்த்தம். நிறுவனம் தன் பங்கை ஊழியரின் சம்பளத்தில் பிடிப்பதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. நம் உதாரணத்தில் இப்படி நடந்தால், 27,200 வர வேண்டிய இடத்தில் 25,400 வரும். ஆண்டுக்கு 21,600 ரூபாய் போய்விடும். அது கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

சம்பளம் 21,000-க்குள் இருந்தால்...

மலைக்கோட்டை பக்கம் கடைவீதிகளில், ஷோரூம்களில், சின்ன கம்பெனிகளில் வேலை பார்க்கும் பலருடைய சீட்டில் இன்னொரு வரி இருக்கும். இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவர்களுக்கானது. உங்களிடம் பிடிப்பது 0.75 சதவிகிதம், நிறுவனம் போடுவது 3.25 சதவிகிதம். 16,000 சம்பளத்துக்கு நீங்கள் தருவது 120 ரூபாய், நிறுவனம் தருவது 520. 'எனக்கு என்ன நோயா, எதுக்கு 120 ரூபாய்?' என்று அலுத்துக்கொள்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கும் உங்களைச் சார்ந்த குடும்பத்துக்கும் இ.எஸ்.ஐ மருந்தகம், மருத்துவமனைகளில் சிகிச்சை உண்டு. உடம்பு முடியாமல் வேலைக்குப் போக முடியாவிட்டால், தேவையான நாள்கள் சந்தா கட்டியிருந்தால், ஆண்டுக்கு 91 நாள்கள் வரை சம்பளத்தில் 70 சதவிகிதம் கிடைக்கும். தனியாரில் 120 ரூபாய்க்கு இப்படி ஒரு பாலிசி கிடையாது.

நடுவில் இன்க்ரிமென்ட் வந்து 21,000-ஐத் தாண்டினாலும் உடனே பிடித்தம் நிற்காது. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று அரையாண்டுகளாகத்தான் கணக்கு. அந்த அரையாண்டு முடியும்வரை பிடிப்பார்கள், வசதியும் தொடரும்.

செப்டம்பரில் மட்டும் ஏன் குறைந்தது?

தமிழ்நாட்டில் தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை. பக்கத்துக் கர்நாடகாவில் வேலை பார்த்த நண்பருக்கு மாதம் 200 பிடித்திருப்பார்கள். இங்கே பல நிறுவனங்கள் அரையாண்டு முடியும் சமயத்தில் மொத்தமாகப் பிடிப்பதால், ஒரு மாதம் மட்டும் திடீரென ஆயிரத்துச் சொச்சம் குறையும்.

இது மத்திய அரசுக்கோ மாநில அரசுக்கோ போகும் வரி இல்லை, உள்ளாட்சிக்குப் போவது. உங்கள் வீடு எங்கே என்பது கணக்கில் வராது, அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. தில்லை நகரிலோ ஸ்ரீரங்கத்திலோ அலுவலகம் என்றால் திருச்சி மாநகராட்சிக்குக் கட்டுவார்கள். ஸ்ரீரங்கம் 1994 வரை தனி நகராட்சி, அதன்பின் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. மாநகராட்சி எல்லைக்கு வெளியே அலுவலகம் என்றால் அந்தப் பகுதி உள்ளாட்சிக்குப் போகும்.

ஆறு மாத வருமானத்தை வைத்து அடுக்கு அடுக்காக வரி. அரசியலமைப்புச் சட்டமே ஆண்டுக்கு 2,500-க்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆக, அரையாண்டுக்கு 1,250-ஐத் தாண்டவே முடியாது. நம் உதாரணப் பெண்ணுக்கு அந்த அதிகபட்சம் என்று வைத்துக்கொண்டால், பிடிக்கும் மாதத்தில் 27,200-க்குப் பதில் 25,950 வரும். இ.எம்.ஐ, சீட்டுப் பணம் எல்லாம் 27,200-ஐ நம்பி நூல் பிடித்தாற்போல் போட்டுவைத்திருந்தால் அந்த மாதம் திண்டாட்டம்தான். மாதம் 208 ரூபாய் என்று பிரித்துப் பிடிக்கும் நிறுவனங்களும் உண்டு. நடுவில் வேலை மாறினால், ஒரே அரையாண்டுக்குப் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் இருமுறை பிடித்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சீட்டைக் காட்டினால் போதும்.

வருமான வரி: உங்க சீட்டில் இருக்கவே கூடாத வரியா?

டி.டி.எஸ் என்ற வரியைப் பார்த்ததும் எல்லோருக்கும் பயம். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில், நிலையான கழிவு 75,000 போக 12 லட்சம் வரை வருமானம் இருப்பவருக்கு வரித் தள்ளுபடி உண்டு. அதாவது, சம்பளம் மட்டுமே வருமானம் என்றால் ஆண்டுக்கு 12,75,000 வரை வரி பூஜ்யம். நம் உதாரணப் பெண்ணின் ஆண்டு கிராஸ் 3,48,000. வேரியபிள் பே முழுதாக வந்தாலும் 3,78,000. அவர் பக்கமே வரி எட்டிப் பார்க்காது.

அந்த அளவுக்குள் இருந்தும் டி.டி.எஸ் பிடித்திருந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, வருட ஆரம்பத்தில் வந்த மெயிலில் நீங்கள் பழைய வரி முறையைத் தேர்வு செய்திருப்பீர்கள். சம்பளப் பிரிவில் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அங்கே மாற்றாவிட்டாலும், கெடுவுக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது புதிய முறைக்கு மாறி, பிடித்த பணத்தைத் திரும்பப் பெறலாம்.

இரண்டாவது காரணம்தான் கொஞ்சம் விவகாரமானது. 10 சதவிகிதம் நேராகப் பிடித்திருப்பார்கள், பி.எஃப் வரியே இருக்காது. அப்படியென்றால் காகிதத்தில் நீங்கள் அந்த நிறுவனத்தின் ஊழியரே இல்லை. கன்சல்டன்ட், அதாவது சேவைக்குக் கட்டணம் வாங்குபவர். மாதம் 20,000 என்று பேசி 18,000 வரும். அந்த 2,000-ஐ ரிட்டர்ன் போட்டு வாங்கிவிடலாம், அது கஷ்டமில்லை. பி.எஃப், இ.எஸ்.ஐ, கிராஜுவிட்டி எதுவுமே சேராமல் ஓடும் மாதங்களைத் திரும்ப வாங்க முடியாது. சேரும்போதே, 'எம்ப்ளாயி ரோலா, கன்சல்டன்ட்டா?' என்று கேட்டுவிடுங்கள்.

பிடித்தார்கள்... கட்டினார்களா?

இப்போது வலது பக்கத்தை முழுசாகப் பாருங்கள். எல்லாமே பிடித்தம் என்ற ஒரே தலைப்பில் இருந்தாலும், தொழில் வரி போனது போனதுதான். டி.டி.எஸ் அதிகமாகப் போயிருந்தால் திரும்பி வரும். இ.எஸ்.ஐ தேவைப்படும் நாளில் சிகிச்சையாக வரும். பி.எஃப் மட்டும் இன்னொரு கணக்கில் உட்கார்ந்திருக்கும் உங்கள் சொந்தச் சம்பளம். கைக்கு வருவது 27,200 என்றாலும், சேமிப்பில் 2,350-ம் பென்ஷனில் 1,250-ம் சேர்ந்தால், மாதம் 30,800 ரூபாய் உங்களுடையது. அப்பாவிடம் இந்த எண்ணையே சொல்லலாம்.

ஆனால் இது காகிதத்தில் எழுதிய கணக்கு. சீட்டில் பி.எஃப் 1,800 என்று அச்சாகியிருப்பதால் மட்டுமே பணம் கட்டப்பட்டதாக அர்த்தமில்லை. அதைச் சரிபார்க்க வேண்டிய இடம் பாஸ்புக்.

ஒரு மாதத்துக்கான பி.எஃப்-ஐ நிறுவனம் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஆகஸ்ட் சம்பளத்துக்கான தொகை செப்டம்பர் 15-க்குள். பாஸ்புக்கில் ஏற இன்னும் சில நாள்கள் ஆகலாம். அதனால் செப்டம்பர் கடைசியில் பார்த்தால் ஆகஸ்ட் வரி இருக்க வேண்டும். உமாங் ஆப்பில் யு.ஏ.என் எண்ணை ஆக்டிவேட் செய்துவிட்டால் பாஸ்புக்கை அதிலேயே பார்க்கலாம். ஆப் வேண்டாம் என்பவர்கள், யு.ஏ.என்-ல் பதிவான மொபைலில் இருந்து 7738299899 என்ற எண்ணுக்கு இப்படி எஸ்.எம்.எஸ் அனுப்பினால் தமிழிலேயே பதில் வரும்:

```
EPFOHO UAN TAM
```

யு.ஏ.என் என்ற இடத்தில் உங்கள் எண்ணைப் போட வேண்டியதில்லை, இருப்பதை இருப்பது போலவே அனுப்பலாம். கடைசியாகக் கட்டிய தொகையும் மொத்த இருப்பும் வரும்.

பார்க்கும்போது இரண்டை ஒப்பிடுங்கள். ஒன்று, ஊழியர் பங்கு உங்கள் சீட்டில் பிடித்த அதே தொகையா? சீட்டில் 1,800 பிடித்து, பாஸ்புக்கில் 1,080 இருந்தால், உங்கள் பேசிக்கை 9,000 என்று குறைத்துக் காட்டிக் கட்டுகிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். இரண்டு, மாதம் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா? ஒரு மாதம் தள்ளிப் போனால் ஹெச்.ஆரிடம் கேளுங்கள், பணம் கட்டியதற்கான சலான் விவரத்தை மெயிலில் கேட்பது நல்லது. இரண்டு, மூன்று மாதமாக வரவில்லை, சீட்டில் மட்டும் பிடித்தம் தொடர்கிறது என்றால் அது தாமதம் இல்லை. ஊழியரிடம் பிடித்த பி.எஃப்-ஐக் கட்டாமல் வைத்துக்கொள்வதைச் சட்டம் நம்பிக்கை மோசடிக் குற்றமாகவே பார்க்கிறது.

புகாரை epfigms.gov.in தளத்தில் பதியலாம். யு.ஏ.என், பிடித்தம் காட்டும் சம்பளச் சீட்டுகள், அதே மாதங்கள் காலியாக இருக்கும் பாஸ்புக் பக்கம், சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரம், இவை இருந்தால் போதும். நேரில் போகிறவர்களுக்குத் திருச்சியிலேயே பி.எஃப் மண்டல அலுவலகம் இருக்கிறது. மாதந்தோறும் 27-ம் தேதி மாவட்ட அளவில் குறைதீர் முகாமும் நடத்துகிறார்கள். சம்பளச் சீட்டை கம்பெனி போர்ட்டலில் மட்டும் விட்டுவைக்காமல், மாதாமாதம் உங்கள் சொந்த மெயிலுக்கோ டிரைவுக்கோ இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்ட அன்று மாலையே அந்த லாகின் வேலை செய்யாமல் போய்விடும்.